தட்டைப் பாதத்தோடு ஓடலாமா? ஸ்டெபிலிட்டி ஷூவும் இன்சோலும் வாங்கும் முன்

கேள்வி: வயது 36, வேளச்சேரியில் இருக்கிறேன். ஆறு மாதமாக ஓடுகிறேன். ஜனவரியில் ஹாஃப் மாரத்தான் ஓட ஆசை, இன்னும் 14 வாரம் இருக்கிறது. மூன்று வாரமாக இடது காலில் ஷின் எலும்பின் உள்பக்கம் வலிக்கிறது. ஷூ கடையில் டிரெட்மில்லில் ஓடவிட்டு வீடியோ எடுத்தார்கள். இரண்டு காலும் ஃபிளாட் ஃபூட், ஓவர்புரோனேஷன், அதாவது பாதம் அளவுக்கு மேல் உள்ளே சாய்கிறது என்றார்கள். பாதம் உள்ளே சாயாமல் தாங்கும் ஸ்டெபிலிட்டி ஷூ 15,000 ரூபாய், அதற்குள் போட இன்சோல் 6,000 ரூபாயாம். நிஜமாகவே தேவையா? வாங்காமல் ஓடினால் முட்டி தேய்ந்துவிடுமா?

பதில்:

இப்போதைக்கு வாங்க வேண்டாம். இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் வாங்கவே வேண்டாம். முட்டி தேய்ந்துவிடும் என்ற பயத்தையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டு பாதமும் ஒரே மாதிரி உள்ளே சாய்கிறது என்று கடையில் சொன்னார்கள். வலியோ இடது காலில் மட்டும். ஆறு மாதமாக இதே பாதத்தோடுதான் ஓடினீர்கள், வலி வந்தது மூன்று வாரம் முன்பு. பிறந்ததிலிருந்து உள்ள பாதம் மூன்று வாரத்துக்கு முன்னால் திடீரென்று மாறியிருக்காது. வேறு ஏதோ மாறியிருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

நான் சென்னையில் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் ஓட்டக்காரர்கள். எனக்கே தட்டைப் பாதம்தான். குளித்துவிட்டு வந்தால் எங்கள் வீட்டு ரெட் ஆக்ஸைடு தரையில் என் கால் தடம் இட்லித் தட்டு மாதிரி முழுசாகப் பதியும், நடுவில் இடைவெளியே இருக்காது. நம் ஊரில் பலருக்கு இந்த வார்த்தை அறிமுகமாவதே போலீஸ், ராணுவ ஆள் சேர்ப்பு மெடிக்கலில்தான். "ஃபிளாட் ஃபூட், ரிஜெக்ட்" என்று ஒரு பையன் திரும்பி வந்தால் தெரு முழுக்க அது ஒரு குறைபாடு என்று பதிந்துவிடுகிறது. அந்தப் பதிவோடுதான் நாம் ஷூ கடைக்குள்ளும் நுழைகிறோம்.

பாதம் தரையில் இறங்கும்போது உள்பக்கமாகச் சாய்வதற்குப் பெயர் புரோனேஷன். எல்லாப் பாதமும் அப்படிச் சாய்ந்துதான் ஆக வேண்டும். பெரும்பாலும் குதிகாலின் வெளி ஓரம்தான் முதலில் தரையைத் தொடுகிறது. அப்புறம் கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டு உள்ளே சாய, பாத வளைவு கொஞ்சம் தழைந்து இறங்குகிறது, தரையின் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. குதிகால் தூக்கிப் பெருவிரல் மடங்கும்போது உள்ளங்காலில் உள்ள பட்டையான தசைநார் இழுபட்டு, வளைவு மறுபடி எழும்பி, பாதம் விறைப்பான நெம்புகோலாகி உங்களை முன்னே தள்ளுகிறது. தழைவதும் எழும்புவதும் ஒவ்வொரு அடியிலும் நடக்கும் வேலை.

இதில் எந்த அளவுக்கு மேல் போனால் 'ஓவர்'? இத்தனை டிகிரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட கோடு எதுவும் இன்றுவரை இல்லை. நல்ல ஆரோக்கியமாக, வருடக்கணக்காக வலியில்லாமல் ஓடுபவர்களுக்குள்ளேயே சாய்மானம் பெரிய அளவில் வேறுபடும். கடையில் உங்கள் பின்னால் வைத்த கேமரா பார்த்தது ஷூவின் பின்பக்கத்தை. உள்ளே எலும்பு எவ்வளவு சாய்ந்தது என்று அதற்குத் தெரியாது. 2000-ஐ ஒட்டி ஸ்டாகாஃப் என்ற ஆய்வாளரின் குழு ஐந்து ஓட்டக்காரர்களின் குதிகால் எலும்பிலும் ஷின் எலும்பிலும் சிறு உலோக ஊசிகளைப் பொருத்தி, அவர்களை ஓடவைத்து அளந்தது. ஷூவை மாற்றினாலும் இன்சோலை மாற்றினாலும் எலும்பின் அசைவில் வந்த மாற்றம் மிகச் சிறியது. அதுவும் ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஷூ பாதத்தைப் 'பிடித்து நிமிர்த்துகிறது' என்ற படம் நம் மனதில் இருக்கிறதே, அது அவ்வளவு சரியில்லை.

போதாக்குறைக்கு, டிரெட்மில்லில் பழக்கமே இல்லாதவரைப் புது ஷூ மாட்டி, நான்கு பேர் பார்க்க, ஒரு நிமிடம் ஓடவைத்தால் அவர் தன் இயல்பான ஓட்டத்தை ஓட மாட்டார். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, பல பேர் அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால் அந்த வீடியோ உங்கள் வலிக்கான நோயறிதல் ஆகாது.

சரி, பாத வடிவம் பார்த்து ஷூ கொடுத்தால் காயம் குறைகிறதா? இதைப் பெரிய அளவில் சோதித்தது அமெரிக்கப் படைகள். ராணுவம், விமானப்படை, மரைன் என மூன்று படைகளிலும் அடிப்படைப் பயிற்சிக்கு வந்த ஆயிரக்கணக்கான புதியவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பாத வளைவைப் பார்த்து, தட்டையானவர்களுக்குச் சாய்வைக் கட்டுப்படுத்தும் கெட்டியான ஷூ, உயர்ந்த வளைவு உள்ளவர்களுக்கு மெத்தென்ற ஷூ என்று கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் எல்லோருக்கும் வளைவைப் பார்க்காமல் ஒரே வகை ஷூ. 2009, 2010-இல் முடிவுகள் வெளிவந்தன. காயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் மூன்று படைகளிலுமே இல்லை.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது டென்மார்க் ஆய்வு, ஏனென்றால் அதில் இருந்தவர்கள் உங்களைப் போலப் புதிதாக ஓடத் தொடங்கியவர்கள். 927 பேர். பாதம் எப்படி இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே நியூட்ரல் ஷூ, அதாவது உள்பக்க ஆதரவு இல்லாத சாதாரண ஷூ. ஒரு வருடம் ஓடவிட்டு யாருக்கு அடிபடுகிறது என்று கணக்கெடுத்தார்கள். தட்டைப் பாதம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக அடிபடவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை காயம் என்று பார்த்தபோது, மிதமாக உள்ளே சாயும் பாதக்காரர்கள் இயல்பான பாதம் உள்ளவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016-இல் லக்ஸம்பர்க்கில் 372 ஓட்டக்காரர்களுக்கு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகை ஷூவைக் கொடுத்தார்கள். ஒன்று சாதாரணம், இன்னொன்றில் உள்பக்க ஆதரவு உண்டு. தனக்கு எது கிடைத்தது என்று ஓடுபவருக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் ஆதரவு ஷூ போட்டவர்களுக்குக் காயம் குறைவு. அந்த நன்மை முக்கியமாக உள்ளே சாயும் பாதக்காரர்களிடம்தான் தெரிந்தது. ஆகவே ஸ்டெபிலிட்டி ஷூ வெறும் ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு அது உதவுகிறது. யாருக்கு உதவும் என்பதை ஈரக் கால் தடத்தையோ டிரெட்மில் வீடியோவையோ வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். கம்பெனிகளே இதில் மனம் மாறியிருக்கின்றன. முன்பு ஸ்டெபிலிட்டி ஷூ என்றால் உள்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கெட்டி ஃபோம் கட்டை இருக்கும், 'மீடியல் போஸ்ட்' என்பார்கள். புரூக்ஸ் அட்ரினலின், ஏசிக்ஸ் கயானோ போன்ற பெயர் பெற்ற மாடல்களே அந்தக் கட்டையைக் கைவிட்டு, மென்மையான வேறு வழிகளுக்குப் போய்விட்டன.

இப்போது உங்கள் பாதத்துக்கு வருவோம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள், கூட ஒருவர் வேண்டும். வெறுங்காலில், சுவரைத் தொட்டபடி நில்லுங்கள். அவர் உங்கள் பின்னால் தரையில் உட்கார்ந்து குதிகாலைப் பார்க்கட்டும். இப்போது இரண்டு காலிலும் மெதுவாக நுனி விரலில் எழும்புங்கள். எழும்பும்போது பாதத்தில் வளைவு தோன்றி, குதிகால் லேசாக உள்பக்கம் திரும்பினால், உங்களுடையது வளையும் தட்டைப் பாதம். நிற்கும்போது தட்டை, வேலை செய்யும்போது வளைவு. பெரும்பாலானவர்களுக்கு இதுதான், இது குறைபாடு இல்லை. அப்புறம் ஒற்றைக் காலில் எழும்புங்கள், முதலில் வலது, பிறகு இடது. எண்ணிக்கொண்டே போங்கள். ஒரு கால் 20 முறை எழும்பி இன்னொன்று 8-இல் நின்றுவிட்டால், அந்த எண்ணிக்கை எனக்குக் கடை வீடியோவைவிட நூறு மடங்கு பயன்படும்.

கவலைப்பட வேண்டியவை மூன்று உண்டு. நுனி விரலில் எழும்பினாலும் வளைவு வரவே இல்லை, பாதம் பலகை மாதிரி விறைப்பாக இருக்கிறது என்றால் அது வேறு வகை. எலும்புகள் ஒட்டிப் பிறந்திருக்கலாம், ஆர்த்தோ டாக்டர் பார்க்க வேண்டும். இரண்டாவது, முன்பு வளைவு இருந்த ஒரு பாதம் மட்டும் சமீபத்தில் தட்டையாகி, உள் கணுக்காலுக்குப் பின்னால் வீங்கி, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கவே முடியாமல் போவது. வளைவைத் தாங்கும் டிபியாலிஸ் போஸ்டீரியர் என்ற தசையின் நாண் நைந்துபோவதால் வருவது இது. 40 வயதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம் பார்க்கிறேன். இவர்களுக்கு இன்சோல் உண்மையிலேயே தேவை, சீக்கிரமாகத் தேவை. 'ஓட்டக்கார வலிதானே' என்று தள்ளிப்போட்டு, திரும்பி வர முடியாத நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். மூன்றாவது உங்களுக்கே பொருந்தக்கூடியது. ஷின் எலும்பின் உள் ஓரத்தை விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், அதிக உழைப்பால் எலும்பின் ஓரம் நோகும் ஷின் ஸ்பிளின்ட்தான், பயப்பட வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடத்தில் குத்தினால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படலாம்.

ஷின் ஸ்பிளின்ட் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். உங்களைப் போலவே ஒருவர் போன வருடம் என்னிடம் வந்தார். நீலாங்கரைக்காரர், 41 வயது, ஐடி வேலை. தட்டைப் பாதம், இடது ஷின் வலி. அவர் ஏற்கெனவே ஸ்டெபிலிட்டி ஷூவும் கெட்டியான கஸ்டம் இன்சோலும் வாங்கி, இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஓடியிருந்தார். ஷின் வலி போகவில்லை. கூடவே பாத வளைவின் நடுவில் கொப்புளம். இதைத்தான் முதலிலேயே சொன்னேன், இரண்டும் சேர்ந்தால் பாதத்துக்கு இரட்டைத் தூக்கு. சென்னை வியர்வையில் சாக்ஸ் நனைந்து, அந்த மேட்டில் தோல் உரசிக்கொண்டே இருக்கும்.

அவரிடம் நான் கேட்டது ஓட்டக் கணக்கு. வாட்சில் இருந்ததை உட்கார்ந்து பார்த்தோம். அதுவரை வாரம் 20 கிலோமீட்டர், நந்தனம் ஒய்எம்சிஏ மண் மைதானத்தில். ஒரு நண்பர் குழுவில் சேர்ந்த பிறகு மூன்றே வாரத்தில் 36 கிலோமீட்டர், எல்லாம் ஈசிஆர் தார் ரோட்டில். அதுவும் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ரோட்டின் வலது ஓரத்தில். பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் மழைத் தண்ணீர் வடிய ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். வலது ஓரத்தில் ஓடினால் இடது கால் மேட்டில், வலது கால் பள்ளத்தில். மேட்டில் இறங்கும் இடது பாதத்துக்கு உள்பக்கம் தாழ்ந்திருக்கும், ஆக ஒவ்வொரு அடியிலும் அது கூடுதலாக உள்ளே சாயும். ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு கால் மட்டும் ஏறக்குறைய 5,000 முறை இறங்குகிறது. ஒரே பக்கம், ஒரே சரிவு, 5,000 முறை.

இரண்டு பாதமும் தட்டை, வலி மட்டும் இடதில் என்பதற்கு விடை அந்த ரோட்டில் கிடந்தது. நீங்கள் எங்கே, எந்த ஓரத்தில் ஓடுகிறீர்கள் என்று எழுதவில்லை. வேளச்சேரி–தாம்பரம் ரோடோ பள்ளிக்கரணைப் பக்கமோ வலது ஓரமாகப் போய், திரும்பும்போது ரோட்டைக் கடந்து மறுபடி உங்கள் வலது ஓரத்திலேயே ஓடினால், உங்களுக்கும் கதை இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். கடந்த ஆறு வாரக் கணக்கை எடுத்து எழுதுங்கள். தூரம், தரை, வேகப் பயிற்சி, ஷூ என நான்கு பத்தி போதும். வலி தொடங்கிய தேதிக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு எந்தப் பத்தியில் தாவல் இருக்கிறது என்று பாருங்கள்.

தட்டைப் பாதத்துக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. ஷின் ஸ்பிளின்ட் வந்தவர்களிடம், நிற்கும்போது வளைவு அதிகம் தழைவது சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. தழையும் வளைவைப் பிடித்து நிறுத்தும் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன, அந்த இழுவையும் எலும்பு வளைவதும் சேர்ந்து ஷின்னின் உள் ஓரத்தை நோகடிக்கின்றன. அப்படி ஒரு பாதத்தோடு வாரம் 20 கிலோமீட்டர் சுகமாக ஓட முடிந்தது. 36-க்குத் தாவியபோதுதான் தாங்கவில்லை. பாதம் விளிம்பைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது, விளிம்பிலிருந்து தள்ளிவிடுவது பயிற்சிக் கணக்கு.

இன்சோல் எப்போது உதவும் என்று கண்டுபிடிக்க, 6,000 ரூபாய் செலவழிக்கும் முன் நாங்கள் செய்யும் ஒரு சோதனை உண்டு. இழுபடாத ஸ்போர்ட்ஸ் டேப்பை, மருந்துக் கடையில் 38 மில்லிமீட்டர் அகலத்தில் கிடைக்கும், வளைவைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி உள்ளங்காலைச் சுற்றி ஒட்டுவோம். ஒட்டும் முன் எத்தனை நிமிட ஓட்டத்தில் வலி தொடங்குகிறது, ஒட்டிய பின் எத்தனை நிமிடத்தில் என்று பார்ப்போம். நீலாங்கரைக்காரருக்கு ஒட்டும் முன் 6 நிமிடம், ஒட்டிய பின் 15 நிமிடம். இப்படித் தெளிவான வித்தியாசம் வந்தால் இன்சோலும் உதவ வாய்ப்பு நல்லது. வித்தியாசமே இல்லையென்றால் இன்சோலிடம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை, அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளலாம். முதல் முறை ஒரு பிசியோ ஒட்டிக் காட்டட்டும். நம் ஊர் வியர்வையில் டேப் ஒரு ஓட்டத்துக்கு மேல் நிற்காது.

உதவும் என்று தெரிந்தாலும் கஸ்டம் இன்சோலுக்கு ஓட வேண்டியதில்லை. குதிகால் வலிக்கு அச்செடுத்துச் செய்த இன்சோலையும் கடையில் கிடைக்கும் ரெடிமேடையும் ஒப்பிட்ட சோதனைகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கி மறுபடி எழும்புகிற, நடுத்தரக் கெட்டியான ஃபோம் இன்சோல் 1,200 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைத்தால் போதும். ஷூவோடு வந்த பழைய உள்பட்டையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போட வேண்டும், அதன் மேல் அல்ல. முதல் நாள் வீட்டில் ஒரு மணி நேரம், அடுத்த சில நாள் நடையில், ஒரு வாரம் கழித்து ஓட்டத்தில். வளைவில் உறுத்தினால், பழகிவிடும் என்று பொறுக்க வேண்டாம். காலுக்குச் சுகமாக இருக்கிறதா என்பதே இதில் நம்மிடம் உள்ள நல்ல அளவுகோல்களில் ஒன்று. கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர் பென்னோ நிக் வெகுகாலமாக இதைத்தான் சொல்லி வந்தார். படைவீரர்களுக்கு அவரவர் காலுக்குச் சுகமாகப் பட்ட இன்சோலைத் தேர்ந்தெடுக்க விட்டபோது வலியும் விரிசலும் குறைந்ததைக் கண்ட ஆய்வும் அவர் குழுவுடையதுதான்.

இன்னொன்று, இன்சோல் ஆயுளுக்கும் அல்ல. வலி தணிகிற ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை அது பாரத்தைக் கொஞ்சம் பகிர்ந்துகொள்கிறது. அந்த நேரத்தில் பாதமும் கெண்டைக்காலும் பலம் பெற வேண்டும். பிரேசிலில் சாவ் பாலோவில் 118 ஓட்டக்காரர்களை வைத்து நடந்த ஒரு ஆய்வில், எட்டு வாரம் பாதத்துக்கான பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு தொடர்ந்தவர்களைவிட, செய்யாதவர்களுக்கு ஒரு வருடத்தில் காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காக இருந்தது. 2020-இல் வந்த முடிவு இது. பலன் தெரிய நான்கைந்து மாதம் ஆனது என்பதையும் கவனியுங்கள். பத்து நாள் செய்துவிட்டு விடுகிற விஷயம் அல்ல.

நான் கொடுப்பது இரண்டே பயிற்சி. மாடிப்படியின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை வைத்து, இரண்டு குதிகாலுக்கும் நடுவில் ஒரு டென்னிஸ் பந்தை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக எழும்பி மெதுவாக இறங்க வேண்டும். பந்தை அழுத்துவதால் டிபியாலிஸ் போஸ்டீரியர் கட்டாயம் வேலை செய்யும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், 12 முறை வீதம் மூன்று சுற்று. அது லேசாகத் தோன்றத் தொடங்கியதும் பந்தை விட்டுவிட்டு ஒற்றைக் காலில். இலக்கு இரண்டு காலிலும் தனித்தனியே 20, 25 முறை. அடுத்தது, உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வைத்து, விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகாலை நோக்கி இழுத்து வளைவை மட்டும் உயர்த்துவது. முதல் வாரம் ஒன்றும் அசையாது, பெருவிரல்தான் துடிக்கும். பரவாயில்லை. ஐந்து நொடி பிடித்து, பத்து முறை, தினமும். உட்கார்ந்து வந்துவிட்டால் நின்று, பிறகு ஒற்றைக் காலில்.

நீலாங்கரைக்காரர் கெட்டி இன்சோலைக் கழற்றிவிட்டு, அதே ஸ்டெபிலிட்டி ஷூவையே வைத்துக்கொண்டார், காலுக்கு அது சுகமாக இருந்ததால். வாரம் 14 கிலோமீட்டருக்கு இறங்கி, எலியட்ஸ் பீச் நடைபாதையின் சமதளத்தில் ஓடினார். ஐந்தாவது வாரம் வலியில்லாமல் 5 கிலோமீட்டர், பதினொன்றாவது வாரம் 14 கிலோமீட்டர். ஈசிஆருக்குத் திரும்பியபோது, வண்டி குறைந்த உள் தெருக்களில் பாதித் தூரத்தை நடுரோட்டில் ஓடுகிற மாதிரி வழியை மாற்றிக்கொண்டார்.

குழந்தைகள் பற்றி இங்கே ஒரு வார்த்தை, ஏனென்றால் தனக்குத் தட்டைப் பாதம் என்று தெரிந்ததும் பெற்றோர் உடனே பிள்ளையின் காலைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள். சின்னக் குழந்தைகள் அநேகமாக எல்லோருக்கும் பாதம் தட்டைதான், வளைவு வளர்ந்து வர வருடங்கள் ஆகும். மணிப்பால் டாக்டர்கள் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 குழந்தைகளின் கால் தடத்தை எடுத்து 1992-இல் வெளியிட்டார்கள். செருப்பு, ஷூ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம். வலியில்லாமல் ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு ஷூவுக்குள் எதையும் வைக்க வேண்டாம், வீட்டில் வெறுங்காலோடு விடுங்கள்.

உங்கள் ஷூ 700, 800 கிலோமீட்டரைத் தாண்டித் தேய்ந்திருந்தால் புதியது வாங்கத்தான் வேண்டும். அப்போது நியூட்ரல் ஒன்று, ஸ்டெபிலிட்டி ஒன்று, இரண்டையும் மாட்டிக் கடை வாசலில் ஓடிப் பாருங்கள், எந்தப் பலகையில் எது இருந்தது என்பதை மறந்துவிட்டு. மாலையில் போங்கள், பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். கட்டைவிரல் அகல இடம் முன்னால் இருக்க வேண்டும். எது போட்டதே தெரியாமல் இருக்கிறதோ அதை வாங்குங்கள். அது ஸ்டெபிலிட்டியாக இருந்தால் இருக்கட்டும், 15,000 ரூபாய் மாடலாக இருக்க வேண்டிய அவசியமில்லை. போன வருட மாடல் பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஜனவரிக்கு 14 வாரம் இருக்கிறது. விரல் அழுத்தும் சோதனையில் பரவலான வலிதான் என்றால், இந்த வாரமும் அடுத்த வாரமும் இப்போதைய தூரத்தில் பாதி, சமதளத்தில், வேகப் பயிற்சி இல்லாமல். ஓடும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது முந்தைய நாளைவிட அதிகமாக இருக்கக் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கூட்டலாம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து மூச்சு விட்டுக்கொள்ளலாம். இடையில் வடகிழக்கு மழை வரும். ரோட்டோரம் தண்ணீர் நின்றால் இன்னும் சரிவான இடத்தில் ஓட நேரிடும், அந்த நாட்களில் நீளமான ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள், நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள். பத்தாவது வாரம் 13, 14 கிலோமீட்டர் வலியில்லாமல் முடிந்தால் ஹாஃப் மாரத்தான் வரிசையில் நில்லுங்கள். முடியாவிட்டால் அதே நாள் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயரை மாற்ற முடியுமா என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். நான்காவது வாரம் முடிந்தும் வலி கொஞ்சமும் குறையவில்லை என்றால் மட்டும், அந்த நான்கு பத்திக் கணக்கையும் பழைய ஷூவையும் எடுத்துக்கொண்டு ஒரு பிசியோவைப் பாருங்கள்.